ஒரே பெயர், சான்றிதழுக்கு ஒரு ஸ்பெல்லிங்: பாஸ்போர்ட் வரை துரத்தும் சிக்கல் ஏன் வருகிறது? எப்படிச் சரிசெய்வது?

தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரைத் தெரியாதவர்கள் குறைவு. அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்த பொருட்களின் பட்டியல் 1915-ல் புத்தகமாக வந்தது. 2020 மத்திய பட்ஜெட்டில், அருங்காட்சியகத்துடன் மேம்படுத்தப்படும் ஐந்து தொல்லியல் இடங்களில் ஒன்றாக இந்த ஊரின் பெயரும் வாசிக்கப்பட்டது. சரி, இந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ரீயின் புத்தகத்தில் Adichanallur. பழைய ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றில் Adittanallur. இன்று ஒருவர் காதில் விழுவதை அப்படியே எழுதினால் Aathichanallur என்றும் வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் எழுத்து ஆ, இதை A என்றோ Aa என்றோ எழுதலாம். தி என்பதை di, thi, dhi என மூன்று விதமாக எழுதலாம். ச்ச என்பதற்கு cha, chcha என இரண்டு வழி. நல்லூருக்கு nallur, nalloor என இரண்டு. பெருக்கினால் 24 ஸ்பெல்லிங். இதில் எதையும் தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஊருக்கு 24 ஸ்பெல்லிங் இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஊர் விசா கேட்டு வரிசையில் நிற்கப்போவதில்லை. அந்த ஊரில் பிறந்தவர் நிற்பார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று பெயர் இருந்தால், நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழும்.

அரசே முயன்று கைவிட்ட கதை

"இதுக்கு அரசாங்கமே ஒரு விதி போட்டுடலாமே" என்று தோன்றலாம். ஊர்ப் பெயர்களுக்கு அப்படி ஒரு முயற்சி நடந்தது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. Tuticorin என்பது Thooththukkudi ஆனது. Coimbatore, Koyampuththoor ஆனது. Dharmapuri, Tharumapuri ஆனது. Vellore-க்கு Veeloor என்று வந்ததைப் பார்த்து வேலூர்க்காரர்களே திகைத்தார்கள். விமர்சனம் கிளம்பியதும், அந்த மாதம் 18-ஆம் தேதி அரசாணையைத் திரும்பப் பெறுவதாக அப்போதைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் க.பாண்டியராஜன் அறிவித்தார். எழுத்துப்பெயர்ப்பு முறையை நிபுணர்கள் பார்த்துவருகிறார்கள் என்றும் சொன்னார்.

அந்தப் பட்டியலை வெறும் கேலியாகக் கடந்துவிட முடியாது. மனிதர்களின் பெயர்களில் நடக்கும் குழப்பம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. ஒலி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கோயம்புத்தூரில் மகரத்துக்குப் பின்னால் வரும் பு, வாயில் bu என்றுதான் வருகிறது. ஆனால் எழுத்தைப் பார்த்தால் அது pu. தர்மபுரியில் தொடங்கும் த, வடமொழி வழியில் வந்ததால் dha என்று ஒலிக்கிறது. எழுத்தைப் பார்த்து எழுதினால் tha ஆகிவிடும்.

ஆக, ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத மூன்று வழி இருக்கிறது. எழுத்தைப் பார்த்து எழுதலாம், ஒலியைக் கேட்டு எழுதலாம், அல்லது அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்ததோ அந்த மொழியின் வழக்கப்படி எழுதலாம். கிராம அலுவலகத்தில் இருப்பவர் ஒரு வழியில் எழுதுவார், பள்ளிக்கூடத்தில் இருப்பவர் இன்னொரு வழியில் எழுதுவார். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள்.

முத்துக்குளித்துறையில் இன்னொரு சுற்று

தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தச் சிக்கலுக்குக் கூடுதலாக ஒரு மடிப்பு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகக் கிறிஸ்தவம் வந்தபோது பெயர்களும் வந்தன. அவை தமிழ் வாயில் பழகி, தமிழ் எழுத்தில் பதிந்து, பிறகு ஆங்கிலப் படிவத்துக்குப் போயின. அந்தோணி என்ற பெயரை Antony என்பார் ஒருவர், Anthony என்பார் ஒருவர், உச்சரிப்பைக் கேட்டு Anthoni என்பார் மூன்றாமவர். சந்தியாகு இன்னும் சிக்கல். கேட்டபடி எழுதினால் Santhiyagu, மூலத்துக்குப் போனால் Santiago. ஆங்கில பைபிளை நினைவில் வைத்திருப்பவர் James என்றே எழுதிவிடுவார். சூசை என்பது Joseph ஆவதும், ராயப்பன் Peter ஆவதும் அப்படித்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். Antony, Anthony என்பது ஸ்பெல்லிங் வித்தியாசம். Susai, Joseph என்பது ஆவணங்களின் கண்ணில் இரண்டு தனிப் பெயர்கள். ஞானஸ்நானப் பதிவில் ஜோசப், பள்ளியில் சூசை என்று இருந்தால், எழுத்துப் பிழை என்று சொல்லித் திருத்த முடியாது. அதைப் பெயர் மாற்றமாகவே நடத்த வேண்டியிருக்கும்.

ஒரு பெயர் நாலாக உடைவது இப்படித்தான்

ஓர் உதாரணம். முத்துச்செல்வி என்று ஒரு பெண், அப்பா பெயர் சந்தனராஜ் என்று வைத்துக்கொள்வோம். நர்சிங் முடித்துவிட்டு வளைகுடா நாட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்.

பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் Muthuchelvi. முத்துச்செல்வி என்பதில் நடுவே வரும் ச்ச-வைக் காதால் கேட்டு எழுதியவர் ch போட்டிருக்கிறார். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா தமிழில் 'முத்துசெல்வி' என்று ஒற்று இல்லாமல் எழுதிக் கொடுத்தார். அதனால் அங்கே அது Muthuselvi. ஆதார் எடுக்கும்போது பெயரை இரண்டாகப் பிரித்து Muthu Selvi என்று தட்டினார்கள். பான் கார்டுக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபோது, "அண்ணாச்சி, செல்விக்கு எஸ் போடவா, சி-எச் போடவா?" என்று கேட்டிருக்கிறார்கள். "எதையாவது போடுங்க, அவசரம்" என்று பதில் வந்திருக்கிறது. பல குடும்பங்களில் ஸ்பெல்லிங் முடிவாவது இப்படித்தான்.

அடுத்தது இனிஷியல். தமிழில் ச. முத்துச்செல்வி என்று எழுதினால் பிரச்னையே இல்லை. ஆங்கிலத்தில் அந்த ச எது? Santhanaraj என்றால் S. Chandanaraj என்றால் C. அப்பாவின் ஆதாரில் ஒன்றும் ரேஷன் கார்டில் ஒன்றும் இருந்தால், மகளின் மார்க் ஷீட்டில் S வரும், கல்லூரிச் சான்றிதழில் C வரும். த-வில் தொடங்கும் அப்பா பெயர்களுக்கும் இதே கதைதான். தங்கராஜ் என்றால் T, தனசேகர் என்றால் D, தமிழில் இரண்டுமே த.

இன்னொரு இடத்திலும் பெயர் உடையும், பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆதார் போன்ற பதிவுகளில் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், தமிழ் வடிவத்தை மென்பொருளே போட்டுத் தரும். Muthuselvi என்று தட்டினால் 'முதுசெல்வி' என்று வரலாம். Adichanallur என்பதில் இருக்கும் d-யை ட என்று எடுத்துக்கொண்டால் ஊரே 'அடிச்சநல்லூர்' ஆகிவிடும். பதிவு செய்பவர் அதைப் பார்த்துத் திருத்த வேண்டும், நாமும் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் வடிவம் அப்படியே தவறாகப் பதிந்துவிட்டால், அடுத்த அலுவலகத்தில் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுபவர் புதிதாக ஐந்தாவது ஸ்பெல்லிங் ஒன்றைக் கண்டுபிடிப்பார்.

நியூமராலஜி பார்த்து நடுவில் ஒரு h, கடைசியில் ஒரு a சேர்ப்பவர்கள் தனி ரகம். அதிர்ஷ்டம் வருமோ வராதோ, ஆவணங்களில் ஒன்று கூடுதலாக ஒத்துப்போகாமல் போவது உறுதி.

பாஸ்போர்ட்டில் ஏன் வந்து முட்டுகிறது?

உள்ளூரில் ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தாலும், ஆளைத் தெரிந்த அதிகாரி விட்டுவிடுவார். பாஸ்போர்ட்டைப் படிப்பது இயந்திரம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகள் அதற்குத்தான். முத்துச்செல்வியின் பெயர் அதில் இப்படி வரும்:

```
P<INDSANTHANARAJ<<MUTHUSELVI<<<<<<<<<<<<<<<<
P<INDSANTHANARAJ<<MUTHU<SELVI<<<<<<<<<<<<<<<
```

முதல் வரி, பெயரைச் சேர்த்து எழுதினால் வருவது. இரண்டாவது, இடைவெளி விட்டால் வருவது. நமக்கு வெறும் இடைவெளி, இயந்திரத்துக்கு அது ஒரு எழுத்து. விமான டிக்கெட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் இந்த வரியோடு ஒத்துப்போக வேண்டும்.

பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. Given Name, Surname என்று இரண்டு கட்டங்கள். கட்டத்தின் பக்கத்திலேயே இனிஷியல் கூடாது என்று போட்டிருக்கும். S. Muthuselvi என்று மார்க் ஷீட் வைத்திருப்பவர் அந்த S-ஐ விரித்து எழுதியாக வேண்டும். வழக்கமாக அப்பா பெயர் Surname கட்டத்துக்குப் போகும். அதனால்தான் அப்பா பெயரின் ஸ்பெல்லிங்கும் மகள் பெயர் அளவுக்கே முக்கியமாகிறது. மார்க் ஷீட்டில் S இருக்க, பாஸ்போர்ட்டில் Chandanaraj என்று விரித்தால் அங்கேயே கேள்வி வரும்.

"எங்க வீட்டுல குடும்பப் பெயரே கிடையாது" என்று Surname கட்டத்தைக் காலியாக விடலாம், இந்தியாவில் அதற்குத் தடை இல்லை. வெளிநாட்டில்தான் தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் தந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு FNU என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதைப் பெயர் என்று நினைத்து அங்கே கூப்பிடும் சங்கடமும் நடப்பதுண்டு.

கப்பல் வேலைக்குப் போகும் தூத்துக்குடி இளைஞர்களுக்கு இது இன்னும் இறுக்கமானது. பாஸ்போர்ட், சி.டி.சி. புத்தகம், பயிற்சிச் சான்றிதழ்கள் என்று ஒன்றோடு ஒன்று கட்டிய ஆவணங்கள் அவை. முதலில் எடுத்த ஆவணத்தில் ஒரு எழுத்து பிசகினால், அடுத்தடுத்து எல்லாவற்றிலும் அதே பிசகைத் தொடர வேண்டும், அல்லது எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

எதை ஆதாரமாக வைத்துக்கொள்வது?

எது 'சரியான' ஸ்பெல்லிங் என்று தேடுவதில் பயனில்லை என்பது இதுவரை பார்த்ததில் புரிந்திருக்கும். எந்த ஆவணத்தை மாற்றுவது மிகக் கஷ்டமோ, அதில் இருக்கும் ஸ்பெல்லிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் நடைமுறையில் வேலைக்கு ஆகிறது.

இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவருக்கு அது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். பிளஸ் டூ, கல்லூரி, கவுன்சில் பதிவு எல்லாம் அதைப் பார்த்தே எழுதப்படும். பொதுத் தேர்வுக்கு முன்னால், மாணவர்களின் பெயர்ப் பட்டியலைப் பள்ளி தயாரித்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்பும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் இருக்கும் பெயரே அங்கே போகிறது. பட்டியல் போவதற்கு முன் திருத்துவது தலைமை ஆசிரியர் அளவில் முடியும் வேலை. மார்க் ஷீட் அச்சான பிறகு அதே திருத்தத்துக்கு இயக்ககம் வரை போக வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயர், இனிஷியல், அப்பா அம்மா பெயர் நான்கையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் எடுத்து, விசா அடித்து, வெளிநாடு போய்வந்தவருக்குக் கணக்கு வேறு. வெளிநாட்டுக் குடியேற்றப் பதிவுகளில் அந்த ஸ்பெல்லிங் ஏறிவிட்டது. அதை இங்கிருந்து திருத்த முடியாது. அவர் ஆதாரையும் பானையும் வங்கிக் கணக்கையும் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றுவதே லாபம்.

முத்துச்செல்விக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை. மார்க் ஷீட்டும் நர்சிங் சான்றிதழும் S. Muthuselvi. அதனால் பெயர் Muthuselvi, அப்பா பெயர் Santhanaraj என்று முடிவெடுக்கிறார். முதலில் அப்பாவின் ஆதார் Santhanaraj என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து தன் ஆதார். இங்கே அவசரப்படக் கூடாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் அது ஒரு முறை. Muthu Selvi-யைச் சேர்த்து எழுதுவதும், அப்பா பெயரை விரித்துப் போடுவதும் ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்க்க நினைப்பவர்கள் மீதமுள்ள ஒரு வாய்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவர் பெயருக்கு மாறுவது கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்து.

ஆதார் முடிந்ததும் பான். இரண்டிலும் பெயர் அதிகம் வேறுபட்டால் இணைப்பே நடக்காது. கடைசியில்தான் பாஸ்போர்ட். படிவத்தில் 'வேறு பெயரால் அறியப்படுகிறீர்களா', 'எப்போதாவது பெயர் மாற்றினீர்களா' என்று கேள்விகள் இருக்கும். அவசரத்தில் தட்டிவிட்டுப் போகாமல் படித்துப் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் திரையில் வரும் பெயரை, மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். தட்டியவர் பிரவுசிங் சென்டர்காரராக இருந்தாலும், பிழை விண்ணப்பதாரருடையதுதான். அச்சான பாஸ்போர்ட்டில் எழுத்தை மட்டும் திருத்தித் தரும் வசதி கிடையாது. புதிய பாஸ்போர்ட்டுக்கு மறு விண்ணப்பம், மறு கட்டணம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்.

அஃபிடவிட் போட்டால் போதாதா?

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்" என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டுத் தருவது வழக்கம். சின்ன வித்தியாசத்துக்கு அது பல இடங்களில் கைகொடுக்கும். ஆனால் அது எந்த ஆவணத்தையும் திருத்துவதில்லை. வித்தியாசம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு விளக்கம் சொல்கிறது, அவ்வளவுதான். ஏற்பதும் மறுப்பதும் வாங்குகிற அலுவலகத்தின் இஷ்டம். வெளிநாட்டு நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேறொரு ஏஜென்சிக்கு அனுப்பும்போது, அங்கே இருப்பவருக்குச் சந்தனராஜும் சந்தன மரமும் தெரியாது. S, C இரண்டும் ஒரே ச என்று அவருக்குப் புரியவைக்க வழியில்லை.

பெயரே வேறாகிவிட்டால், அதாவது சூசை, ஜோசப் போன்ற நிலையில், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவதுதான் உறுதியான வழி. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை இதை வெளியிடுகிறது. அறிவிப்பில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் அச்சாகும். பழைய சான்றிதழ்கள் பழைய பெயரிலேயே இருக்கும், அவற்றோடு அரசிதழ்ப் பிரதியை இணைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஸ்பெல்லிங் தவறினால் சிக்கல் இரட்டிப்பாகும். அரசிதழ் வெளியானதும் முதல் வேலையாக அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு

முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். தமிழ்நாட்டில் அது தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் முடிவாகும் இடம் பத்தாம் வகுப்பு அல்ல, பிறப்புப் பதிவாளர் அலுவலகம்.

பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஏற்றிய பெயரை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை, எழுத்துப் பிழை என்று காட்டினால்தான் திருத்தம். அதனால் ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டும்போது "நீங்களே எழுதிக்கோங்க சார்" என்று சொல்லாமல், ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. குழந்தையின் பெயர் மட்டும் போதாது. அப்பா, அம்மா இருவரின் பெயரையும் அவர்களுடைய ஆதாரில் உள்ள அதே ஸ்பெல்லிங்கில் எழுத வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளைக்கு அப்பா பெயர் Santhanaraj என்று இருந்தால், இளைய பிள்ளைக்கும் அதே. அண்ணனுக்கு S, தங்கைக்கு C என்று இருக்கும் வீடுகள் இந்த ஊர்ப் பக்கம் இல்லாமல் இல்லை.

பிறந்த ஊரின் பெயரைப் பற்றி மட்டும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒரு சான்றிதழில் Tuticorin, இன்னொன்றில் Thoothukudi என்று இருந்தால் அதைக் கேட்பவர்கள் குறைவு. இரண்டும் ஒரே ஊர் என்பது அரசுப் பதிவுகளிலேயே இருக்கிறது.